யூரியா சாக்கில் தவிடு: பார்வர்டு செய்தியில் ஒட்டிவரும் குறிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தவிடு எப்போதும் யூரியா சாக்கில்தான் இருக்கும். சாக்கின் மேலே கம்பெனி பெயர், எடை, நைட்ரஜன் சதவீதம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து யாரும் உள்ளே யூரியா இருக்கிறது என்று நினைப்பதில்லை, மாடும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சாக்கு ஒரு காலத்தில் உரக்கடையில் இருந்தது, வயலுக்குப் போனது, அப்புறம்தான் கொட்டகைக்கு வந்தது என்பதை அந்த அச்சு சொல்லிவிடும். சாக்கு வந்த வழி தெரியும். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளக் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வரும் செய்திகளை நான் இப்படித்தான் படிக்கிறேன். மன்னார்குடியில் இருபது வருஷத்துக்கும் மேலாக டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பட்டா மாறுதல் மனு என்று அடுத்தவர் எழுதியதைத் திரும்ப அடிப்பதே தொழில். அதனால் ஒரு செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, தேவையில்லாமல் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் முதலில் கண் போகும். அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு காதணி விழாப் பத்திரிகைக்கு வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் அப்படியே எடுத்துப் போட்டு முந்நூறு பிரதி அடித்துவிட்டேன். குழந்தைகளின் பெயருக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி. தாய்மாமன் வந்து, "அண்ணே, பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் என்னண்ணே பூச்சி மாதிரி?" என்று கேட்டார். முந்நூறையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அந்தப் பூச்சிதான் முதல் தடயம். வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் `*` போட்டால் அது தடித்த எழுத்தாகும், `_` போட்டால் சாயும், `~` போட்டால் குறுக்குக்கோடு விழும். வாட்ஸ்அப் திரையில் குறி மறைந்து எழுத்து மட்டும் தெரியும். அதைக் காப்பி செய்து வேறொரு இடத்தில் ஒட்டும்போது குறியும் கூடவே வந்துவிடும். பேஸ்புக்குக்கோ, எஸ்எம்எஸ்ஸுக்கோ, என் பேஜ்மேக்கருக்கோ அந்தக் குறியின் அர்த்தம் தெரியாது. அதனால் வெறும் நட்சத்திரமாகவே நிற்கும். ஆகவே பேஸ்புக் பதிவிலோ, பிளெக்ஸ் பேனரிலோ, அச்சிட்ட நோட்டீஸிலோ ஒரு வரியின் இரு முனையிலும் நட்சத்திரம் கண்டால் அந்த வரி வாட்ஸ்அப் வழியாக வந்தது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்புக்குள்ளேயே நட்சத்திரம் மறையாமல் நின்றால் அதற்கு வேறு கதை. குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. `*நெல்*` என்றால் தடித்துவிடும், `* நெல்*` என்றால் தடிக்காது. முதலில் எழுதியவர் திரையில் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார், தடிக்காவிட்டால் சரிசெய்திருப்பார். அப்புறம் யாரோ அந்த இடத்தில் இருந்த ஒரு சொல்லையோ எமோஜியையோ ஊரின் பெயரையோ எடுத்துவிட்டிருக்கிறார்கள், இடைவெளி மட்டும் மிஞ்சிவிட்டது. எனக்கு அது களத்தில் அவிழ்த்துக் கட்டிய மூட்டை மாதிரி. முதல் முடிச்சு இல்லை, வேறு கை பட்டிருக்கிறது. சில நேரம் கைபேசி விசைப்பலகை தானாக இடைவெளி போட்டும் கெடுக்கும், அதனால் இதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க மாட்டேன்.

இதெல்லாம் ஏன் தேவை, 'பார்வர்டு' என்று வாட்ஸ்அப்பே போட்டுக் காட்டுகிறதே என்று கேட்கலாம். அந்த அடையாளம் 2018 ஜூலையில் வந்தது. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி போடுவது 2019இல் வந்தது. 2020 ஏப்ரலில் இருந்து இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குரூப்புக்கோதான் தள்ளிவிட முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அம்பு எண்ணுவது பார்வர்டு பொத்தானை மட்டும். எழுத்தைக் காப்பி செய்து புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்பு கிடையாது, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பத்துக் குரூப்பில் போட நினைக்கிறவருக்கு ஒவ்வொன்றாகத் தள்ளுவதைவிட ஒட்டுவது சுலபம். எனவே மிக அதிகமாகச் சுற்றிய செய்திகளே சில சமயம் அம்பே இல்லாமல், அந்த ஆளே உட்கார்ந்து எழுதியது போல வந்து நிற்கும். அங்கே வழி சொல்ல மிஞ்சியிருப்பவை இந்த ஒட்டுக் குறிகள்தான்.

ஒரு செய்தியை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். 2024 நவம்பர் 14 காலையில் எங்கள் பாசனக் குரூப்பில் இது வந்தது. அம்புக்குறி எதுவும் இல்லை. தொகை இருந்த இடத்தை மட்டும் புள்ளியாக்கியிருக்கிறேன், மற்றதெல்லாம் வந்தபடியே.

```
*🔴விவசாயிகள் கவனத்திற்கு🔴*
━━━━━━━━━━━━━
* சம்பா ெநல் பயிர் காப்பீடு*
கைடசி நாள் 15.11 புதன்கிழைம
ஏக்கருக்கு ெசலுத்த ேவண்டிய ெதாைக .....
தேவையானவை: அடங்கல், சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக்
[13/11, 8:14 pm] சித்தப்பா: நாளைக்கே போயிடுங்க
👇👇👇
அனைவருக்கும் பகிரவும் 🙏🙏
```

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது அந்த உடைந்த தமிழ். 'கைடசி', 'ெதாைக', 'கிழைம'. குரூப்பில் ஒருவர் "எழுதத் தெரியாதவன் எழுதினது, நம்பாதீங்க" என்று உடனே போட்டார். எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. எழுதத் தெரியாத ஆள் 'கடசி' என்று எழுதுவார், 'தொக' என்று எழுதுவார். சங்கிலிக்கொம்பை ஓர் எழுத்து முன்னால் தள்ளிப் போட மாட்டார். இது மனிதக் கை செய்யும் பிழை இல்லை, பிடிஎப் கோப்பில் இருந்து காப்பி செய்யும்போது விழும் பிழை.

ஏன் அப்படி விழுகிறது என்பது டைப்ரைட்டரில் தமிழ் அடித்தவர்களுக்கு உடனே புரியும். 'தொகை' என்று அடிக்க அதில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு த, பிறகு துணைக்கால், அடுத்துச் சங்கிலிக்கொம்பு, கடைசியில் க. கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அதே வரிசை. இன்றைய யூனிகோடு வேறு மாதிரி. அது ஒலி வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது: முதலில் த, பிறகு ஒகரக் குறி, பிறகு க, பிறகு ஐகாரக் குறி. கொம்பை இடப்பக்கம் தள்ளிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. பிடிஎப் என்பது அச்சடித்த தாளின் படம் போன்றது. எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதுதான் அதற்கு முக்கியம். அதில் இருந்து எழுத்தைக் காப்பி செய்யும்போது பல கோப்புகளில் வடிவங்கள் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே வெளியே வரும், ஒலி வரிசைக்குத் திரும்ப மாறாது. கொம்பு முதலில் வந்து, உட்கார எழுத்து கிடைக்காமல் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். சொல்லின் நடுவில் என்றால் முன்னால் இருக்கிற அப்பாவி எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். 'கடைசி'யில் ட மேல் இருக்க வேண்டிய சங்கிலிக்கொம்பு க மேல் ஏறி 'கைடசி' ஆனது அப்படித்தான். 'கிழமை' 'கிழைம' ஆனதும் அதே கதை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடிஎப் பழைய எழுத்துருவில் செய்யப்பட்டிருந்தால் இப்படிக்கூட வராது. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைக் காப்பி செய்து ஒட்டினால் `jkpo;` என்று ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். 'கொ' என்பது `nfh` ஆகும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் முகத்தை மட்டும் தமிழாக மாற்றி வைத்தவை, முகமூடி கழன்றால் உள்ளே ஆங்கிலம்தான். அப்படி வந்தால் மூலம் ஒரு டிடிபி கடையிலோ, பழைய எழுத்துருவை விடாமல் வைத்திருக்கும் அலுவலகத்திலோ தயாரானது என்று கொள்ளலாம். தாளைப் படம் எடுத்து அதில் இருந்து எழுத்தைப் பிடுங்கியிருந்தால் பிழை வேறு விதம். துணைக்கால் 'ர' ஆகிவிடும், 'ர' துணைக்கால் ஆகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். பார்வையில் ஒன்றுபோல் இருப்பவை குழம்பும். கொம்பு இடம் மாறியிருந்தால் பிடிஎப், ஆங்கிலக் குப்பை என்றால் பழைய எழுத்துரு, காலும் ரகரமும் குழம்பினால் படம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, நம் செய்திக்கு வருவோம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வரிகளில் கொம்புகள் எல்லாம் கலைந்திருக்கின்றன. ஆறாவது வரியைப் பாருங்கள். 'தேவையானவை' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பும் இருக்கிறது, சங்கிலிக்கொம்பும் இரண்டு முறை வருகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதே பிடிஎப்பில் இருந்து வந்திருந்தால் இது 'ேதைவயானைவ' என்று வந்திருக்க வேண்டும். அத்தோடு 'பேங்க் பாஸ்புக்' என்ற பேச்சுச் சொல் வேறு. அரசு அறிவிப்பில் 'வங்கிக் கணக்குப் புத்தக நகல்' என்றுதான் போடுவார்கள். ஆக, ஆவணப் பட்டியல் அந்த அறிவிப்பைச் சேர்ந்தது இல்லை, இடையில் யாரோ தங்கள் அனுபவத்தில் இருந்து கைபேசியில் தட்டிச் சேர்த்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், உதவிதான் செய்திருக்கிறார். ஆனால் ஒரே செய்தி போலத் தெரியும் இதில் இரண்டு வாய் பேசுகிறது. உடைந்த தமிழில் பேசுவது ஏதோ ஓர் அலுவலகத் தாள், நல்ல தமிழில் பேசுவது ஊர்க்காரர். பார்த்தவுடன் எதை நம்புவோமோ அதற்குத் தலைகீழ்.

அடுத்தது அந்தச் சதுர அடைப்புக்குறி. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தியைக் காப்பி செய்தால் எழுத்து மட்டும் வரும். இரண்டு மூன்றை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் சேர்ந்து வரும். அந்தத் தலைப்பின் அமைப்பே எந்தக் கருவி என்பதைக் காட்டும். `[13/11, 8:14 pm]` என்று வருஷம் இல்லாமல் வந்தால் ஆண்ட்ராய்டு கைபேசி. `[13/11/24, 8:14:05 PM]` என்று வருஷமும் வினாடியும் இருந்தால் ஐபோன். `[8:14 pm, 13/11/2024]` என்று நேரம் முன்னால் வந்தால் கணினியில் திறந்த வாட்ஸ்அப். கைபேசியின் மொழி அமைப்பைப் பொறுத்துத் தேதியும் மாதமும் இடம் மாறும், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் செய்தியில் தலைப்பு ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில். ஒன்றாகக் காப்பி செய்தால் முதல் செய்திக்கும் தலைப்பு வந்திருக்குமே, அது எங்கே? காப்பி செய்தவர் மேலே இருந்ததை அழித்துவிட்டார், நடுவில் இருந்ததைக் கவனிக்கவில்லை. மேலே யார் பெயர் இருந்தது என்பது போய்விட்டது. ஆனால் மேலே உள்ள ஆறு வரியும் சித்தப்பா சொன்ன ஒரு வரியும் ஒரே உரையாடலில் வந்த தனித்தனிச் செய்திகள் என்பது ஏறக்குறைய உறுதி. குரூப்பில் சிலர் "சித்தப்பா யாரு?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அது வீண் வேலை. அந்தப் பெயர், காப்பி செய்தவரின் கைபேசியில் அந்த எண் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறதோ அது. ஊரில் ஆயிரம் சித்தப்பா. தலைப்பு காப்பி எடுத்தவரைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்கிறது, பேசியவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. யாருடைய எண்ணையும் 'கலெக்டர்' என்று சேமித்து வைத்துக் காப்பி எடுத்தால் தலைப்பில் 'கலெக்டர்' என்றுதான் வரும். அதுகூட வேண்டாம், வெறும் எழுத்துத்தானே, கையாலேயே அடித்துவிடலாம். ஆகவே தலைப்பில் பெரிய பெயர் இருப்பதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதே இல்லை. சித்தப்பா என்று இருந்தால் நம்பலாம் போலிருக்கிறது, யாரும் பொய்யாகச் சித்தப்பாவை உருவாக்க மாட்டார்கள்.

அதன் கீழே மூன்று கைகள் கீழ்நோக்கிக் காட்டுகின்றன. கீழே ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே ஒரு படமோ இணைப்போ இருந்திருக்கிறது. எழுத்தை மட்டும் காப்பி செய்தால் படம் வராது, படத்தைக் காட்டிய கை மட்டும் வரும். ஒருவேளை அந்தப் படத்திலேயே அசல் அறிவிப்பு முழுதாக இருந்திருக்கலாம், தேதியோடும் வருஷத்தோடும். கை இருந்து சாமி இல்லாத செய்தி வந்தால் அனுப்பியவரிடம் "கீழே என்ன இருந்தது?" என்று கேட்பது நல்லது. பலருக்கும் தெரிந்திருக்காது, அவர்களுக்கும் அப்படியேதான் வந்திருக்கும். ஆனால் இரண்டு மூன்று கை பின்னால் போனால் படம் வைத்திருப்பவர் ஒருவர் கிடைப்பதுண்டு.

சிவப்பு உருண்டை, கனமான கோடு, கும்பிடும் கை இவற்றில் நான் அதிகம் நேரம் செலவழிப்பதில்லை. எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும் அலங்காரம் இவை. தினப் பலன் போடும் குரூப்பின் தாமரைக் கோடு மேட்டூர் அணை நீர்மட்டச் செய்தியின் தலையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதியவர் தினமும் காலையில் பஞ்சாங்கம் அனுப்புகிறவர், பழைய செய்தியின் சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது தவிர வேறொன்றும் அதில் தெரியாது. ஒரே நுணுக்கம், கோட்டின் நீளமும் குறிகளின் வரிசையும் மாறாமல் பல செய்தியில் வந்தால் அவை ஒரே இடத்தில் தயாராகியிருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் வருஷம். இந்தச் செய்தியில் எங்குமே வருஷம் இல்லை, அதுதான் முக்கியமான கேள்வி. டெல்டாவில் சம்பா நெல் காப்பீட்டுக்கு நவம்பர் 15 வழக்கமாகச் சொல்லப்படும் கடைசி நாள். அதனால் எந்த வருஷத்துச் செய்தியும் எந்த வருஷத்துக்கும் பொருந்துவது போலவே இருக்கும். இங்கே நம்மைக் காப்பாற்றியது அந்த 'புதன்கிழைம'. 2024இல் நவம்பர் 15 வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பின்னால் திருப்பிப் பார்த்தால் 2023இல் அது புதன்கிழமை. அதற்கு முன்னால் புதன்கிழமையாக இருந்தது 2017இல்தான். கிழமையை யாராவது கைபேசியில் தட்டிச் சேர்த்திருந்தால் தவறாகவும் தட்டியிருக்கலாம், அதை நம்ப முடியாது. ஆனால் கொம்பு இடம் மாறியிருப்பதால் அந்தக் கிழமையும் பிடிஎப்பில் இருந்து வந்தது என்று தெரிகிறது, அதாவது அசல் அறிவிப்பிலேயே இருந்தது. உடைந்த எழுத்து இல்லாவிட்டால் இந்த முடிவுக்கு நான் வந்திருக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் இன்னொரு ஆசையும் வந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. மறுநாள் 13ஆம் தேதி இரவு சித்தப்பா "நாளைக்கே போயிடுங்க" என்கிறார். பண்டிகை முடிந்தது, கிளம்புங்கள் என்று சொல்வது போல அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தலைப்பில் வருஷம் கிடையாது. 2024 நவம்பர் 13 இரவு ஒருவர் பழைய செய்தியைப் பார்த்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லியிருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு, செய்தி எங்களுக்கு வந்ததும் மறுநாள்தானே. பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை உண்மையாக்கிவிடக் கூடாது. அறிவிப்பு பெரும்பாலும் 2023ஐச் சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சித்தப்பா எந்த வருஷத்துச் சித்தப்பா என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

இதனால் என்ன ஆகப்போகிறது என்றால், தொகைதான். காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு, ராபி பருவ உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் என்பது பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தபோதே வைத்த கணக்கு. சம்பாவுக்கும் அந்தக் கணக்குத்தான். ஆனால் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு காப்பீட்டுத் தொகை என்பது மாவட்டத்துக்கு மாவட்டம், வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் ரூபாய்க் கணக்கும் மாறும். செய்தியில் இருந்தது பழைய தொகை. பக்கத்துத் தெருப் பெரியப்பா ஒருவர் அதைச் சரியாக எண்ணி எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய், தொகை கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று அங்கே சண்டைக்கு நின்றார். மையத்தில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். பணத்துக்குத் திரும்ப வீட்டுக்கு வந்து போனதில் ஒரு மத்தியானம் போனது. கடைசி நாளாக இருந்திருந்தால் நஷ்டம் பெரிதாக இருந்திருக்கும்.

அதே சமயம் அந்தச் செய்தி பொய் இல்லை. இதைத்தான் குரூப்பில் புரியவைக்க முடியவில்லை. தேதி சரி. ஆவணப் பட்டியலும், ஊர்க்காரர் தட்டியதாக இருந்தாலும், பெரும்பாலும் சரிதான். பெரியப்பா அதே நான்கையும்தான் எடுத்துப் போனார். தொகை மட்டும் பழசு. ஒட்டுக் குறிகளை வைத்து நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: இது ஒரு பிடிஎப் அறிவிப்பில் பிறந்தது, 2023இல் பிறந்திருக்க அதிக வாய்ப்பு, ஒருவர் பட்டியல் சேர்த்தார், ஒரு படம் உதிர்ந்தது, ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியில் காப்பி ஆனது, மேலிருந்த பெயர் அழிந்தது. எது உண்மை, எது பழசு என்பதைத் தெரிந்துகொள்ள வேளாண் உதவி அலுவலருக்குப் போன் போட வேண்டியிருந்தது. குறிகள் செய்த உதவி, அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று காட்டியது. "இது உண்மையா?" என்று கேட்டிருந்தால் "உண்மைதான்" என்று சொல்லியிருப்பார். "இந்த வருஷம் ஏக்கருக்கு எவ்வளவு?" என்று கேட்டதால் விடை கிடைத்தது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரு குறிகூட இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி வரும் செய்தி எனக்குக் கொஞ்சம் நெருடும். அது சொந்தமாக எழுதியதாகவும் இருக்கலாம், நன்றாகத் தெரிந்த ஒருவர் தடயத்தை எல்லாம் சுத்தம் செய்ததாகவும் இருக்கலாம், என்னைப் போல எழுத்துப்பிழை பொறுக்காத ஒருவர் நல்ல மனதோடு திருத்தியதாகவும் இருக்கலாம். மூன்றையும் பிரிக்க வழி இல்லை. உடைந்த கொம்பைத் திருத்துகிறவர் செய்தியைப் படிக்கத் தக்கதாக்குகிறார், அதே கையால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் அழித்துவிடுகிறார். எங்கள் குரூப்பில் வந்தது இன்னும் இரண்டு நாள் கழித்து யாராவது திருத்திய பிறகு வந்திருந்தால், 'புதன்கிழமை' என்று ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். அதை யாரோ தவறாகத் தட்டியது என்று நான் ஒதுக்கியிருப்பேன்.

இணையச் செய்தித்தளத்தில் இருந்து எடுத்தவை இதைவிடச் சுலபம். செய்திக்கு நடுவில் 'மேலும் படிக்க' என்று ஒரு வரி சம்பந்தமில்லாமல் நிற்கும், அல்லது ` ` என்று ஒரு துண்டு கிடக்கும். இணைப்பின் வாலில் `fbclid` என்று இருந்தால் அந்த இணைப்பு பேஸ்புக்கில் இருந்து எடுக்கப்பட்டது. கொள்ளிடம் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும் பழைய செய்திகளில் இந்த வால்கள் நிறையக் கிடைக்கும். இணைப்பைத் திறந்து தேதியைப் பார்த்தால் போதும், கொம்பை எல்லாம் எண்ண வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் நான் அந்தச் செய்தியைப் புதிதாக அடித்தேன். வருஷத்தைப் போட்டேன், அலுவலர் சொன்ன தொகையைப் போட்டேன், வெள்ளிக்கிழமை என்று போட்டேன், நட்சத்திரத்தை ஒட்டி வைத்தேன், மூன்று கையையும் எடுத்தேன். குரூப்பில் போட்டுவிட்டுக் கடையை மூடினேன். மறுநாள் காலை வேறொரு குரூப்பில் இருந்து என் மச்சான் அதை எனக்கே அனுப்பியிருந்தார். சிவப்பு உருண்டை திரும்பி வந்திருந்தது, கீழே மூன்று கையும் வந்திருந்தன. நடுவில் ஒரு வரி:

```
[14/11, 7:52 pm] டைப்பிங் கடை அண்ணன்: ஏக்கருக்கு எவ்வளவுன்னு பார்த்துக்குங்க
```